சக ஊழியரின் உயர்வுக்கு வாழ்த்து: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (செந்தூல்): என் மேலாளருக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. நல்ல வாழ்த்து ஒன்று எழுதித் தாருங்கள். அவசரம்.

பதில்: அவர் என்ன வேலை செய்கிறார், எந்தப் பதவிக்கு உயர்ந்தார், உங்களுக்கும் அவருக்கும் எத்தனை ஆண்டுப் பழக்கம் என்று ஒரு சொல்கூட நீங்கள் எழுதவில்லை. நான் அவரைப் பார்த்ததே இல்லை. இந்த நிலையில் நான் எதை எழுதித் தந்தாலும், அது அட்டைக் கடையில் அச்சடித்து விற்கும் வரியாகத்தான் இருக்கும். அவரோடு நீங்கள் வேலை செய்த ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். எழுத வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

கேள்வி (கெப்போங்): மனிதவளப் பிரிவில் உள்ள தோழி மூலம், என் சக ஊழியர் உதவி மேலாளராகப் போகிறார் என்று தெரிந்துகொண்டேன். முதல் ஆளாக நானே வாழ்த்தலாமா?

பதில்: கூடாது. கடிதம் அவர் கைக்கு வந்து, அலுவலகமும் அறிவித்த பிறகு வாழ்த்துங்கள். கடைசி நேரத்தில் நிறுத்திவைக்கப்பட்ட உயர்வுகளும் உண்டு. அப்படி நடந்தால் உங்கள் வாழ்த்து அவருக்குக் காயமாகும், உங்கள் தோழிக்கு விசாரணையாகும்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): எங்கள் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்த அண்ணன் ஒருவர் போன மாதம் ஷிப்ட் சூப்பர்வைசர் ஆனார். வேலைக்குழுவின் வாட்ஸ்அப்பில், "உங்கள் கடின உழைப்புக்கும் அர்ப்பணிப்புக்கும் கிடைத்த வெற்றி. நம் இனத்துக்கே பெருமை. மேலும் பல சிகரங்கள் தொட வாழ்த்துகள்" என்று தமிழில் எழுதினேன். கட்டைவிரல் படம் மட்டும் பதிலாக வந்தது. எங்களோடு வேலை செய்யும் மலாய் நண்பர் இரண்டே வரி எழுதினார். அவருக்கோ நீண்ட பதில். நான் எங்கே தவறினேன்? அந்த அண்ணன் ஷிப்ட் மாற்ற நோட்டை ஒழுங்காக எழுதுபவர், அதனால் நான் பலமுறை பிழைத்திருக்கிறேன்.

பதில்: நீங்கள் அவருக்கு எழுதியிருக்க வேண்டியதைக் கடைசி வரியில் எனக்கு எழுதிவிட்டீர்கள். அவருக்கு அனுப்பிய வாழ்த்தில், பெயரை மாற்றினால் வங்கி மேலாளருக்கும் பொருந்தும், பள்ளித் தலைமையாசிரியருக்கும் பொருந்தும். எழுதி முடித்ததும் இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள்: பெயரை எடுத்துவிட்டு வேறு ஒருவர் பெயரைப் போட்டாலும் வாழ்த்து குறையில்லாமல் நின்றால், அது அவருக்காக எழுதப்பட்டதன்று. கடின உழைப்பு, அர்ப்பணிப்பு ஆகிய சொற்களில் குற்றமில்லை; ஆனால் அவர் எந்த இரவில் என்ன செய்தார் என்பதை அவை சொல்வதில்லை.

அடுத்து, "நம் இனத்துக்கே பெருமை." இதைப் பற்றி நான் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். அந்தப் பெருமித உணர்வு உண்மையானது. தோட்டப்புறத்திலிருந்து நகரத்துக்கு வந்து, அலுவலகப் படிகளை ஒவ்வொன்றாக ஏறிய குடும்பங்களில் பிறந்த எவருக்கும் அது புரியும். அதைத் தீபாவளி விருந்தில் சொல்லுங்கள், வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். ஆனால் மலாய்க்காரரும் சீனரும் நேப்பாளத் தொழிலாளரும் இருக்கும் வேலைக்குழுவில் அதை எழுதும்போது, அவர் தம் கையால் செய்த வேலை மறைந்து, பிறப்பால் வந்த அடையாளம் மட்டுமே முன்னே நிற்கிறது. நாளை காலை அத்தனை பேருக்கும் அவரே வேலை பிரித்துக் கொடுக்க வேண்டும். யாருக்காவது ஓவர்டைம் கிடைக்காமல் போனால், உங்கள் அந்த வரியை நினைவுபடுத்திப் பேச ஒருவர் இருப்பார். அவர் கட்டைவிரலோடு நிறுத்திக்கொண்டதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். தமிழர் உயர்ந்தால் தமிழர்தாம் முதலில் அவரது திறமையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். நாமே அதை இனக்கணக்கில் சேர்த்துவிட்டால், மற்றவர்கள் வேறு எப்படிப் பார்ப்பார்கள்?

உங்கள் கடிதத்தில் இருந்த நோட்டை வைத்தே ஒரு வாழ்த்தை எழுதிப் பார்ப்போம்:

"அண்ணே, சூப்பர்வைசர் ஆனதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. எந்த இயந்திரம் எத்தனை மணிக்கு நின்றது, எதை மாற்றி ஓட்டினீர்கள் என்று நீங்கள் நோட்டில் எழுதிவைத்ததால், இரவு ஷிப்டில் யாரையும் தொலைபேசியில் எழுப்பாமல் என்னால் வேலையைத் தொடங்க முடிந்தது. நானும் இப்போது அப்படித்தான் எழுதுகிறேன்."

ஏறக்குறைய முப்பது சொற்கள்தாம். அவர் செய்தது ஒன்று, அதனால் உங்களுக்கு நேர்ந்தது ஒன்று, அவ்வளவோடு வாழ்த்து நின்றுவிடுகிறது. எல்லாரின் சார்பாகவும் நீங்கள் பேசவில்லை. நீங்கள் கண்டதற்கு மட்டும் சாட்சி சொல்கிறீர்கள், அதனால் அவரால் அதை நம்ப முடிகிறது. கடைசி வரி உங்களைப் பொறுத்தவரை உண்மையில்லை என்றால் அதை நீக்கிவிடுங்கள். குறிப்பிடும் செயல் அவருடையதுதானா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள்; இன்னொருவர் செய்ததை இவர் கணக்கில் எழுதினால் இருவருக்கும் சங்கடம். பழைய சூப்பர்வைசரோடு ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். குழுவில் எல்லாருக்கும் புரியும் மொழியில் ஒரு வரி போதும். மேலே உள்ளதைத் தமிழில் அவருக்குத் தனியாக அனுப்புங்கள்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): நானும் அதே பதவிக்கு விண்ணப்பித்திருந்தேன். என்னைவிட இளையவளான தோழிக்குக் கிடைத்தது. வாழ்த்தாமல் இருக்கவும் முடியவில்லை, வாழ்த்தவும் நா எழவில்லை.

பதில்: அன்றைக்கே வாழ்த்திவிடுங்கள், நாள் கடக்கக் கடக்க உங்கள் மௌனத்துக்கு மற்றவர்கள் பொருள் சொல்லத் தொடங்குவார்கள். "எனக்குக் கிடைக்காவிட்டாலும்" என்று தொடங்கினால், அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவராகிவிடுவார். ஆகவே உங்கள் விண்ணப்பத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். மிகுந்த மகிழ்ச்சி என்று பொய்யும் சொல்ல வேண்டாம். "தணிக்கையாளர்கள் வந்த வாரத்தில் நீ கணக்குகளை எடுத்துவைத்த விதத்தை நான் பார்த்தேன்மா, இந்தப் பொறுப்பு உனக்குத் தகும்" என்பதுபோல நீங்கள் மனமார ஒப்புக்கொள்ளும் ஒன்றை மட்டும் நேரில் சொல்லுங்கள். வருத்தத்தை வீட்டாரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம்): எங்கள் தமிழ்ப்பள்ளியில் மூத்த ஆசிரியை ஒருவருக்கு 'டைம் பேஸ்' உயர்வு வந்துள்ளது. அது காலம் வந்தால் எல்லாருக்கும் வருவதுதானே, தனியாக வாழ்த்த என்ன இருக்கிறது?

பதில்: பணிக்காலத்தோடு ஆண்டுதோறும் இடப்படும் பணி மதிப்பீட்டையும் பார்த்தே அந்த உயர்வு தரப்படுகிறது என்பது ஆசிரியரான உங்களுக்குத் தெரியாததன்று. "ஒருவழியாகக் கிடைத்துவிட்டதே டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆசிரியர் அறைகளில் அதைச் சொல்லும்போது கேட்பவர் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே வாழ்த்த வேண்டியது அவர் கடந்து வந்த ஆண்டுகளை. முதலாம் ஆண்டில் எழுத்துக் கூட்ட முடியாமல் திணறிய எந்தப் பிள்ளை அவரிடம் படித்து வாசிக்கத் தொடங்கியது என்று உங்களுக்குத் தெரியுமானால், அந்தப் பிள்ளையைக் குறிப்பிட்டு வாழ்த்துங்கள்.

கேள்வி (ஜார்ஜ் டவுன்): அலுவலக நண்பருக்குப் பினாங்கு மாநில பி.ஜே.கே. விருது கிடைத்துள்ளது. அட்டையில் 'டத்தோ' என்று போடலாமா?

பதில்: போடக்கூடாது. பி.ஜே.கே., பி.கே.தி. ஆகியவை பதக்கங்கள், பெயருக்குப் பின்னால் எழுத்துகளாக வரும், பெயருக்கு முன்னால் பட்டம் தரா. இல்லாத பட்டத்தைச் சூட்டினால் பிறர் முன்னிலையில் அவரே மறுத்துச் சொல்ல நேரும்.

கேள்வி (செராஸ்): சக ஊழியர் உயர்வு பெற்று இரண்டு மாதமாகிவிட்டது. நான் அப்போது மகப்பேறு விடுப்பில் இருந்தேன். இனி வாழ்த்தினால் பொருத்தமாக இருக்குமா?

பதில்: தாராளமாக வாழ்த்தலாம். தாமதத்துக்கு விளக்கம் அரை வரியில் முடியட்டும். மற்றவர்கள் பழைய வேலையை வைத்து வாழ்த்தியிருப்பார்கள். நீங்களோ புதிய பொறுப்பில் அவர் செய்வதையும் பார்க்கும் நேரத்தில் திரும்பியிருக்கிறீர்கள். ஒரு வாரம் பொறுத்து, அவர் கூட்டம் நடத்தும் விதத்திலோ வேலை பிரிக்கும் விதத்திலோ நீங்கள் கண்டதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ஆனால், புதிய பதவியில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற அறிவுரையை அதில் சேர்த்துவிடாதீர்கள்.