கணக்கை மூடிவிட்டால் செக் வழக்கிலிருந்து தப்பலாமா?

"காசிமேட்டில் மீன் மொத்த வியாபாரம் செய்கிறேன். பாக்கி 2,40,000 ரூபாய்க்கு ஒருவர் கொடுத்த செக், 'கணக்கு மூடப்பட்டது' என்று ஜூன் 3 அன்று திரும்பிவிட்டது. 'பணம் போதாமல் திரும்பினால்தான் சட்டப்படி குற்றம், கணக்கை மூடினால் குற்றமில்லை' என்கிறார். அவர்மீது வழக்குப் போட முடியாதா, ஐயா?"

தாராளமாகப் போடலாம். ஆனால் அவர் எதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு இரண்டே காரணங்களைச் சொல்கிறது: கணக்கிலுள்ள பணம் போதாதது, அல்லது வங்கியோடு பேசிவைத்த வரம்பைத் தொகை மீறியது. கணக்கை மூடுவது பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. எழுதியிருப்பதை எழுதியபடியே படிப்பது நேர்ப்பொருள் விதி. நீதிபதி முதலில் அதைத்தான் பார்ப்பார். அதுவும் சிறைத்தண்டனை தரும் சட்டமென்றால் சொல்லை இழுத்து நீட்டக்கூடாது என்பார்கள். அவருடைய பலம் அவ்வளவுதான்.

அப்படியே படித்தால் என்ன ஆகும்? கணக்கில் நூறு ரூபாய் வைத்திருந்தவர் கோர்ட் ஏறுவார், மொத்தத்தையும் எடுத்துக் கணக்கை மூடியவர் வெளியே நடமாடுவார். நேர்ப்பொருள் இப்படி அபத்தத்தில் போய் முடிந்தால், சொல் இடம்கொடுக்கும் வேறு பொருளை எடுத்துக்கொள்ளச் சொல்வது பொன் விதி. இங்கே சொல் இடம்கொடுக்கிறது. மூடிய கணக்கில் இருப்பு எதுவுமில்லை, ஆகவே அதுவும் 'பணம் போதாதது'தான்.

தீங்கு விதி இன்னும் ஆழமாகப் போகும். 1584-இல் இங்கிலாந்தின் ஹைடன் வழக்கில் பிறந்த விதி அது. இந்தச் சட்டத்துக்கு முன் என்ன நிலை, எந்தக் கேட்டைப் பழைய சட்டம் சரிசெய்யவில்லை, அதற்கு என்ன மருந்து கொண்டுவந்தார்கள், ஏன் என்று நீதிபதி கேட்டுப் பார்ப்பார். 138-வது பிரிவு 1988-இல் சேர்க்கப்பட்டதே செக்கை நம்பி வியாபாரம் நடக்கவேண்டும் என்பதற்காகத்தான். 1999-இல் என்.இ.பி.சி. மைகான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த நோக்கத்தைப் பார்த்து, கணக்கை மூடியதும் குற்றமே என்றது. 2012-இல் லக்ஷ்மி டைகெம் வழக்கில், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பிய செக்குக்கும் பிரிவு பொருந்தலாம் என்றது.

நோக்கம் உங்கள் பக்கம் இருக்கிறது என்று காலக்கெடுவில் அசந்துவிடாதீர்கள். செக் திரும்பியதாக வங்கி மெமோவில் தகவல் தந்ததிலிருந்து 30 நாளுக்குள், பணத்தைக் கேட்டு அவருக்கு நோட்டீஸ் போகவேண்டும். உங்களுக்கு அது ஜூலை 3. அந்த எண்ணை எந்த நீதிபதியும் நோக்கம் பார்த்து நீட்டமாட்டார், அங்கே நேர்ப்பொருள்தான். தவறிவிட்டால், செக் தேதியிலிருந்து மூன்று மாதம் முடியாதிருந்தால், மறுபடி வங்கியில் போட்டு, புது மெமோ வாங்கி, புதிதாக நோட்டீஸ் அனுப்பலாம்.

நோட்டீஸ் அவர் கைக்குப் போனபின் பணம் கட்ட 15 நாள் அவகாசம் உண்டு. அது முடியுமுன் புகார் கொடுத்தால் புகாரே செல்லாது. முடிந்தபின் ஒரு மாதத்துக்குள், நீங்கள் செக் போட்ட உங்கள் கணக்கு இருக்கும் கிளை எந்த நீதித்துறை நடுவரின் எல்லையில் வருகிறதோ அங்கே கொடுங்கள். செக், மெமோ, அவருக்கு மீன் கொடுத்த பில் மூன்றையும் இன்றே ஒரு கவரில் போட்டு வையுங்கள், நோட்டீஸ் அனுப்பிய தபால் ரசீதையும் அதிலேயே சேருங்கள்.