டியூப்லைட் வெளிச்சத்தில் ஃபோனிலேயே பேட்டி

"நெசவாளர் தாத்தாவை அவர் வீட்டிலேயே பேட்டி எடுக்கணும். ஒரே டியூப்லைட், கையில் ஃபோன் மட்டும். முகம் கறுப்பா வருது, குரல் கிணத்துக்குள்ள இருந்து வருது. என்ன செய்யலாம்?"

முதலில் குரல். படம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள், பேச்சு புரியாவிட்டால் நகர்ந்துவிடுவார்கள். ஃபேனை நிறுத்துங்கள். வீட்டில் யாரிடமாவது இன்னொரு ஃபோன் வாங்கி, ஏரோபிளேன் மோடில் போட்டு, வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, தாத்தாவின் சட்டைப் பையில் தலைகீழாக வையுங்கள். மைக் பெரும்பாலும் அடிப்பக்கம்தான் இருக்கும். தொடக்கத்தில் கேமரா முன் ஒருமுறை கைதட்டினால், எடிட் செய்யும்போது இரண்டையும் பொருத்திவிடலாம்.

அடுத்து வெளிச்சம். விளக்கை நகர்த்த முடியாது, நாற்காலியை நகர்த்தலாமே! டியூப்லைட் அவருக்கு முன்னால், சற்றுப் பக்கவாட்டில் வரட்டும். ஜூம் வேண்டாம், பின்பக்க மெயின் கேமராவோடு நீங்களே கிட்டே போங்கள். திரையில் அவர் கன்னத்தை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் செய்யுங்கள். படத்தில் கோடுகள் ஓடினால் காரணம் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்: கேமராவில் ப்ரோ மோட் இருந்தால் ஷட்டரை 1/50 ஆக்குங்கள், ஐஃபோனில் கேமரா செட்டிங்ஸில் Show PAL Formats போட்டு 25 ஃபிரேமில் எடுங்கள்.

லென்ஸ் அவர் கண் உயரத்தில் இருக்கட்டும். அதை ஒட்டி நீங்கள் உட்கார்ந்தால் பார்வை இயல்பாக அமையும். கேள்விகளை முழுதாக எழுதாமல், தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு "பாவு", சம்பளத்துக்கு "முதல் கூலி" என்று அட்டையில் பெரிதாகக் குறித்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். "பாவு ஓட்டினீங்களா?" என்றால் "ஆமா" என்று முடித்துவிடுவார், "எப்படி ஓட்டுவீங்க, சொல்லுங்க தாத்தா" என்று கேளுங்கள்.