கீல் கழன்றால் நிலையை மாற்ற வேண்டுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய தேக்குக் கதவில் மேல் கீலின் திருகாணிகள் மூன்றும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, இறுகுவதில்லை. பார்க்க வந்தவர் நிலையையே மாற்ற வேண்டும் என்று ஒன்பதாயிரம் ரூபாய் சொல்லி, ஆயிரம் முன்பணம் வாங்கிப் போனார். இப்போது போனை எடுப்பதில்லை. (திருமங்கலம்)

அந்த ஆயிரம் திரும்புமா என்பது ஐயமே. மீதி எட்டாயிரம் தப்பியது என்று கொள்ளுங்கள். கழன்ற ஓட்டைக்குள் மெல்லிய ஆணியால் குத்திப் பாருங்கள். சுற்றியுள்ள மரம் உறுதியாகத் தடுத்தால் கெட்டது நிலை அன்று, திருகாணியின் புரி கவ்வியிருந்த நார் மட்டுமே. ஆணி மெத்தென்று இறங்கினாலோ மண் போன்ற பொடி வந்தாலோதான் கரையானையோ உளுத்தலையோ எண்ணிக் கவலைப்பட வேண்டும்.

கதவைத் திறந்து, அடியில் கட்டை கொடுத்துத் தாங்கிய பிறகே மேல் கீலைக் கழற்றுங்கள். பழைய ஓட்டைக்குள் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் இருப்பதால் பசை அங்கே பிடிக்காது. ஆகவே 10 மி.மீ. பிட்டால் 30 மி.மீ. ஆழத்துக்கு அதைப் பெரிதாக்கி, புது மரத்தை வெளிக்கொண்டுவர வேண்டும். ஆழம் தவறாமலிருக்க பிட்டில் ஒட்டுநாடா சுற்றிக்கொள்ளலாம். பிறகு தூளை ஊதி எடுத்துவிட்டு, 10 மி.மீ. உருண்டைத் தேக்குக் குச்சியை 30 மி.மீ. நீளத்துக்கு அறுத்து, அதன் பக்கவாட்டில் நெடுக ஒரு சிறு பள்ளம் சீவுங்கள். இந்தப் பள்ளம் இல்லாவிட்டால் உள்ளே சிக்கிய காற்றும் பசையும் வெளியேற வழியின்றித் தக்கையை மேலே தள்ளும், அல்லது மரத்தைப் பிளக்கும். மரப் பசையைக் குச்சியில் மட்டுமல்லாமல் ஓட்டையின் சுவரிலும் பூசி, கொட்டாப்புளியால் தட்டி இறக்குங்கள். உயர்ந்து நிற்கும் பகுதி ஏதும் இருந்தால் மறுநாள் உளியால் மட்டமாகச் சீவிவிடலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நிலையில் நார் மேலும் கீழுமாக ஓடுகிறது. குச்சியிலோ நார் நீளவாக்கில், அதாவது திருகாணி போகும் திசையிலேயே ஓடுகிறது. அப்படி நாரோடு நாராக இறங்கும் திருகாணிக்குப் பிடிப்புக் குறைவு. மேல் கீலை கதவின் எடை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் பழைய 25 மி.மீ. திருகாணியை மறுபடி போடாமல், அதே தடிமனில் 50 மி.மீ. நீளமுள்ளதை வாங்குங்கள். அது தக்கையைக் கடந்து இன்னும் கெடாத பழைய மரத்தைப் பற்றிக்கொள்ளும். எட்டாம் நம்பர் திருகாணி என்றால் முதலில் 3 மி.மீ. பிட்டால் வழித்துளை போட்டு, புரியில் சோப்பு தடவி, கையாலேயே முடுக்குங்கள். இறுக்கம் படிப்படியாகக் கூட வேண்டும். திடீரென்று கை இலேசானால் நிறுத்திவிடுங்கள்.

பசை பூசி ஒரு மணி நேரத்தில் திருகலாமா?

கூடாது. 24 மணி நேரம்.

சமையலறை அலமாரிக் கீலுக்குத் தீக்குச்சி சொருகிப் பசை விட்டு இரண்டு முறை முடுக்கினேன். மறுபடி கழன்றுவிட்டது. பலகை பார்ட்டிகிள் போர்டு. இன்னும் நல்ல பசை எது? (மேலூர்)

முதல் முறை கழன்றதும் நிறுத்தியிருந்தால் ஓட்டை இவ்வளவு பெரிதாகியிராது. அந்தப் பலகை மரச் சில்லைப் பசையோடு அழுத்திச் செய்தது; தொடர்ந்த நார் அதில் இல்லை. தீக்குச்சி அவசரத்துக்கு உதவுமே தவிர, தினமும் பலமுறை திறக்கும் கதவைத் தாங்காது. பலகை 18 மி.மீ. என்றால் 10 மி.மீ. பிட்டால் 12 மி.மீ. ஆழம் மட்டும் துளைத்து, கடின மரத் தக்கையை ஒட்டுங்கள். அதற்கு மேல் போனால் மறுபக்கம் பிதுங்கும். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஊறி உப்பிய பலகை என்றால் தக்கைக்கும் பணம் செலவழிக்காதீர்கள், பலகையை மாற்றுங்கள்.

புதுக் கதவு மாட்டி ஓர் ஆண்டு ஆகவில்லை, கீல் ஆடுகிறது. கீலோடு கடையில் கொடுத்த திருகாணிகளைத்தான் போட்டார்கள். (உசிலம்பட்டி)

ஒன்றைக் கழற்றி அதன் தலையைப் பாருங்கள். சுத்தியல் பட்ட தழும்பு இருந்தால் விடை அங்கேயே இருக்கிறது. திருகாணியை முக்கால் பங்கு சுத்தியலால் அடித்து இறக்கி, கடைசி இரண்டு சுற்றை மட்டும் திருப்புளியால் முடிக்கும் வழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அடித்த திருகாணி தன் புரியால் நாரை வெட்டி இடம் பிடிப்பதில்லை. நாரை நொறுக்கிக்கொண்டு ஆணியைப் போல இறங்குகிறது. மாட்டிய அன்று அசையாமல் நிற்கும், கூலியும் கைமாறும், கோடையில் மரம் காய்ந்ததும் ஆட்டம் தொடங்கும். கருவியில்லை என்று சொல்ல முடியாது. டிரில்லை வைத்துக்கொண்டே வழித்துளை போடச் சோம்பற்படுகிறவர்கள் உண்டு. தொழிலாளி உங்கள் எதிரே வேலை செய்யும்போது, திருகாணிக்குச் சுத்தியல் எடுத்தால் அப்போதே கையை நிறுத்தச் சொல்லுங்கள், கூலி கொடுப்பவர் நீங்கள்தான். கீலோடு வந்தவை என்பதற்காக அந்தத் திருகாணிகளை நம்பவும் வேண்டாம். கீல் கனமாக இருக்க, கூட வருபவை பல நேரம் குட்டையாகவும் தலை மென்மையாகவும் இருக்கின்றன. அடித்ததை வேலை செய்தவரிடம் காட்டி, கூலியின்றித் தக்கை வைத்துத் தரக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

தக்கைக்குப் பதிலாக மரப் புட்டி அடைத்துத் திருகலாமா?

நானும் ஒரு டப்பா வாங்கி அடைத்திருக்கிறேன். அது ஆணித் தழும்பை மறைத்துச் சாயம் பூசுவதற்கான பொருள். திருகாணி இறங்கியபோதே பொடியாக உதிர்ந்தது, மீதி டப்பாவிலேயே காய்ந்து கிடக்கிறது. வாங்காதீர்கள்.