சீசன் கடைசில எதைத் தொங்கல்ல விடறது?

கேள்வி: குழந்தைகளுக்கான அனிமேஷன் சீரிஸ் ஒண்ணு பண்றோம். முதல் சீசன் கடைசி எபிசோட்ல ஹீரோ உயிரோட இருக்கானா இல்லையான்னு விட்டுட்டு முடிக்கலாமா, இல்ல வேற எதையாவது விடணுமா?

அத மட்டும் விடாதீங்க. ஹீரோ செத்தா சீரிஸே இல்லன்னு ஏழு வயசு புள்ளைக்குக் கூட தெரியும். அதுவும் இல்லாம குழந்தைங்க சேனல்ல எபிசோட திரும்பத் திரும்ப ஓட்டிக்கிட்டே இருப்பாங்க, நைட்டு கடல்ல மூழ்கினவன் மறுநாள் காலைல பழைய எபிசோட்ல சிரிச்சிட்டு ஓடுவான், உங்க சஸ்பென்ஸ் அங்கயே முடிஞ்சிடும். அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர் ரெண்டாவது சீசன் கடைசி எபிசோட பாருங்க (2006ல வந்தது). ஹீரோ ஆங் மேல மின்னல் பாயுது, அவன் விழுந்துடறான், ஆனா பிழைப்பானாங்கறத தொங்கல்ல விடவே இல்ல, அவன் ஃப்ரெண்ட் கட்டாரா அந்த எபிசோட்லயே அவன கண்ணு திறக்க வச்சிடறா. எர்த் கிங்டம்ங்கற நாடு எதிரி கைல விழுந்துடுச்சி, இனிமே இவங்க என்ன செய்வாங்க, அதுதான் அடுத்த சீசன் வரைக்கும் நிக்குது.

நான் பாண்டில இருந்து ஸ்கிரிப்ட் எழுதறவன், இப்ப எழுதிட்டிருக்கற கதைய வச்சே சொல்றேன். கடலூர் பழைய துறைமுகம் பக்கம் ஒரு மீனவ ஊரு. கயல்னு பன்னெண்டு வயசு பொண்ணு. ராத்திரில யாரோ ஊர்க்காரங்க வலைய அறுத்துட்டுப் போறாங்க, யாருன்னு சீசன் முழுக்க தேடறா. கடைசி எபிசோட்ல அவ ஃபைபர் போட்டு கவுந்துடுது, காப்பாத்தி மேல இழுக்கறது அவ சொந்த அண்ணன், அவன் போட்டுல அறுத்த வலை கிடக்குது.

இப்ப போர்டுல நாலு கேள்வி. கயல் பிழைப்பாளா? வலைய அறுத்தது யாரு? ஏன் அறுத்தான்? கயல் இத ஊர்ல சொல்வாளா?

முதல் கேள்விக்குத்தான் மேலயே சொல்லிட்டேன். ரெண்டாவது நாம முதல் எபிசோட்லேர்ந்து கொடுத்த வாக்கு, அதுக்கு இந்த சீசன்லயே பதில் வந்தாகணும், இத்தன வாரம் பார்த்த புள்ளைங்க ஏமாந்துட்டா அடுத்த சீசனுக்கு வரமாட்டாங்க. டீம்ல பெரிய சண்டையே மூணாவதுலதான். "ஏன் அறுத்தான்" கேக்கறதுக்கு சூப்பரா இருக்கு, ஆனா அது வெறும் தகவல், அடுத்த சீசன் முதல் காட்சில ஒரே வரி டயலாக்ல தீந்துடும், அந்த ஒரு வரிக்காக ஒரு வருஷத்துக்கு மேல காத்திருக்க வைக்கறது நியாயமே இல்ல. நாலாவது அப்படி இல்ல, ஒருத்தி எடுக்க வேண்டிய முடிவு. சொன்னா அண்ணன ஊர் பஞ்சாயத்துல நிறுத்துவாங்க, குடும்பத்த ஒதுக்கி வைப்பாங்க. சொல்லலன்னா பழி அவ ஃப்ரெண்டோட அப்பா மேல விழுது. எந்தப் பக்கம் போனாலும் ஒரு சீசனுக்குக் கதை இருக்கு. நான் முதல்ல பாக்கறதே இதத்தான், ரெண்டு பதில்ல ஒண்ணுக்குக் கதை நின்னு போச்சுன்னா அது தொங்கல்ல விடற கேள்வியே இல்ல.

இதுல பலர் கோட்ட விடற இடம் ஒண்ணு இருக்கு. நாலாவது கேள்வி வலிக்கணும்னா மூணாவதுக்கு பதில் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அப்பாவோட போட்டு மேல கடன், கடன் கொடுத்த வியாபாரி மிரட்டினதாலதான் அண்ணன் அறுத்தான்னு தெரிஞ்சாத்தான் கயல் நிலைமை நமக்குப் புரியும், தெரியலன்னா "கெட்டவன காட்டிக் கொடு"ன்னு புள்ளைங்க சுலபமா சொல்லிடுவாங்க. அதனால "ஏன்"ங்கறத போட்டுலயே அண்ணன் வாயாலயே சொல்ல வச்சிட்டோம்.

கடைசி ஷாட்: விடியற நேரம், கரைல கூட்டம், "ராத்திரி யாரையாச்சும் பாத்தியா பாப்பா?"ன்னு ஒரு பெரியவர் கேக்கறார். கயல் முகம், பின்னாடி மங்கலா அண்ணன், ரெண்டு செகண்ட் அப்படியே நிக்குது, கட். ஸ்கிரிப்ட்ல அவ "நான்..."னு ஆரம்பிக்கற மாதிரி இருந்துச்சி, வரைஞ்ச படங்கள ஓடவிட்டுப் பாக்கற அனிமேட்டிக்ல பாக்கும்போது அந்த ஒரு சொல்லே சொல்லப் போறாங்கற பக்கம் சாயுது, அதனால எடுத்தாச்சு. வாய மூடித்தான் இருக்கா.

சரியா வந்திருக்கான்னு பாக்க, கதை தெரியாத சில புள்ளைங்களுக்கு அனிமேட்டிக்க போட்டுக் காட்டி "இப்ப உனக்கு என்ன தெரியணும்?"னு மட்டும் கேளுங்க. எல்லாரும் ஒரே கேள்விய கேட்டா வேலை முடிஞ்சுது. ஆளுக்கு ஒண்ணு கேட்டா உங்க கடைசி நிமிஷத்துல ரெண்டு கேள்வி மோதுது, ஒண்ண முன்னாடியே மூடணும்.

இன்னொண்ணு, அண்ணனுக்குக் குரல் கொடுக்கறது வளர்ற பையன்னா, அடுத்த சீசன் வர்றதுக்குள்ள குரல் உடைஞ்சிடும். அடுத்த சீசன் அதே நிமிஷத்துல தொடங்கப் போவுதுன்னா, முதல் காட்சி டயலாக்க இப்பவே அதே ரெக்கார்டிங்ல எடுத்து வச்சிடுங்க, கயல் என்ன செய்யப் போறான்னு இன்னும் முடிவாகலன்னா ரெண்டு விதமாவும் எடுத்து வைங்க.