பிரஷர் இறங்கினால் போதுமா, இதயத்தைக் காப்பது எந்த மாத்திரை? – கேள்வி பதில்

மலைநாட்டு ஆஸ்பத்திரிகளின் மருத்துவ கிளினிக்குகளில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவன் நான். போன மாதம் பிரஷரையும் இதயத்தையும் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

தலவாக்கலையிலிருந்து ஒரு மகள்: டொக்டர், அம்மாவுக்கு 61 வயசு. கொழுந்து எடுத்தவங்க. ஒன்பது வருஷமா பிரஷர், பாதி நாள் மாத்திரையே போட மாட்டாங்க. இப்ப லயத்துப் படி ஏறினா மூச்சு வாங்குது, ராத்திரி ரெண்டு தலகாணி வச்சுத்தான் படுக்கிறாங்க, கால் வீங்கியிருக்கு. எக்கோவில இ.எஃப். 32ன்னு எழுதியிருக்கு. இப்ப பிரஷர் 124தான். அப்புறம் எதுக்கு இத்தனை மாத்திரை?

தங்கச்சி, முதலில் அந்த 32. அம்மாவின் இதயத்தில் 32 வீதம்தான் மிச்சம் என்று அதற்கு அர்த்தமில்லை. நல்ல இதயமும் ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள இரத்தம் முழுவதையும் வெளியே தள்ளாது, நூறில் 55க்கு மேல் தள்ளினால் அது நல்ல இதயம். அம்மாவுடையது 32ஐத் தள்ளுகிறது. குறைவுதான், ஆனால் மருந்தால் இது ஏறுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். பிரஷர் கூடிய உடம்பில் இதயம் ஒவ்வொரு துடிப்பையும் ஒரு சுமைக்கு எதிராகத் தள்ளுகிறது. கொழுந்துக் கூடையைச் சுமந்தே தோள் இறுகிப்போவதுபோல, இடது பக்கத்துத் தசை தடிக்கிறது. தடித்த தசை விறைப்பாகி, பல வருடம் கழித்துத் தளர்ந்து விரிகிறது. மாரடைப்பும் சேர்ந்துவிட்டால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இதயம் தளர்ந்ததும் உடம்பு, இரத்தம் போதவில்லை என்று எண்ணி, உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது, குழாய்களை இறுக்குகிறது, துடிப்பை விரட்டுகிறது. காயம்பட்டு இரத்தம் போகிற வேளையில் உயிரைக் காக்கிற ஏற்பாடு அது. மாதக்கணக்கில் அது ஓயாமல் நடந்தால் இதயத் தசையையே அரிக்கிறது.

அம்மாவின் மாத்திரைகள் இந்த அரிப்பைத் தடுப்பவை. பிரஷர் 124 ஆக இருந்தாலும் அந்த வேலை பாக்கி இருக்கிறது. எனலாப்ரில் ஒரு வழியை அடைக்கிறது, கார்வெடிலோல் என்ற பீட்டா புளொக்கர் இன்னொன்றை, ஸ்பைரோனோலாக்டோன் மூன்றாவதை. டபாக்லிஃப்ளோசின் சீனி வியாதிக்கென்று வந்த மாத்திரை. 2019இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுக்குப் பிறகு, சீனி இல்லாதவர்களின் தளர்ந்த இதயத்துக்கும் கொடுக்கிறோம். இந்த நாலு வகையும் ஆயுளைக் கூட்டுபவை. ஐந்தாவதாக இருக்கிற ஃப்ரூசமைடு கால் வீக்கத்தையும் மூச்சிரைப்பையும் இறக்கும். அது ஆயுளைக் கூட்டும் என்பதற்கு ஆதாரமில்லை, ஆனால் அது இல்லாமல் அம்மா நிம்மதியாகப் படுக்க முடியாது.

தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுமுன் எடை பார்த்து கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ ஏறினால் அது தண்ணீர். கால் வீங்கும் வரை காத்திருக்காமல் கிளினிக்குக்குச் சொல்லுங்கள்.

நானுஓயாவிலிருந்து, தோட்ட மருந்தகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா: நாங்க படிச்ச காலத்துல பீட்டா புளொக்கரைப் பலவீனமான இதயத்துக்குக் குடுக்கவே கூடாது. துடிப்பை இன்னும் அடக்கிப் போட்டுரும். நீங்க நல்லதுங்கிறீங்களே?

ஐயா படித்தது அந்தக் காலத்துப் பாடம், அதில் பாதி இன்றும் சரி. நுரையீரலில் தண்ணீர் நிறைந்து, மூச்சுக்குத் தவிக்கிற ஆளுக்கு இதைப் புதிதாக ஆரம்பித்தால் அவர் மோசமாவார். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு, மிகச் சிறிய அளவில் தொடங்கினால் கதையே வேறு. 1975இல் சுவீடனில் ஃபின் வாக்ஸ்டைன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதை முதலில் செய்து காட்டினார்கள், அதை உலகம் ஏற்க இருபது வருடத்துக்கு மேல் ஆனது. 1999இல் பிசோப்ரோலோல் ஆய்வில் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

கார்வெடிலோலை 3.125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு தடவை என்று தொடங்குகிறோம். தாங்கினால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை இரட்டிப்பாக்குகிறோம். முதல் சில கிழமைகள் களைப்பு கூடலாம். நிறையப் பேர் அந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வேதனை. பலன் தெரிய மாதங்கள் ஆகும்.

இன்னொன்று: எல்லா பீட்டா புளொக்கரும் ஒன்றல்ல. நம் கிளினிக்குகளில் பழகிப்போன அட்டெனோலோலுக்குத் தளர்ந்த இதயத்தில் இந்த ஆதாரம் கிடையாது. கார்வெடிலோல், பிசோப்ரோலோல், மெதுவாகக் கரையும் மெட்டோப்ரோலோல் ஆகியவற்றுக்கு உண்டு.

அதே ஐயா: அப்ப ஈளை உள்ளவனுக்கு என்ன செய்வீங்க? இந்தப் பனியில பாதிப் பேருக்கு வீசிங் இருக்கே.

பிசோப்ரோலோல் மூச்சுக் குழாயை அவ்வளவாகத் தொடாது. புகையால் நுரையீரல் கெட்டவர்களுக்குக் கவனமாகக் கொடுக்கிறோம். உண்மையான, அடிக்கடி கிளம்பும் ஈளைக்குக் கொடுப்பதா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. நான் தயங்குவேன். என்னோடு வேலை செய்த சிலர் கொடுப்பார்கள்.

பண்டாரவளையிலிருந்து ஒருவர்: அம்லோடிபின் இதயத்தைக் காக்காதுன்னு நீங்க சொன்னதா எங்க அண்ணன் சொன்னார். எட்டு வருஷமா அதைத்தான் குடிக்கிறேன். இதயத்துல ஒரு குறையும் இல்ல. நேத்தையிலிருந்து நிறுத்திட்டேன்.

தம்பி, இன்றைக்கே திரும்பத் தொடங்குங்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. இதயம் தளராமல் தடுப்பது வேறு, தளர்ந்த பிறகு காப்பது வேறு. உங்களுக்குத் தேவை முதலாவது, அதற்குப் பிரஷர் இறங்குவதே பெரிய மருந்து. அம்லோடிபின் அதை நன்றாகச் செய்கிறது.

தடுப்பதிலும் மருந்துக்கு மருந்து கொஞ்சம் வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் 33,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. அம்லோடிபினும், குளோர்தாலிடோன் என்ற தண்ணி மாத்திரையும் மாரடைப்பைத் தடுப்பதில் சமம். இதயத் தளர்ச்சி மட்டும் அம்லோடிபின் குடித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் கூடியிருந்தது. அதே ஆய்வில் டொக்ஸசோசின் கொடுத்த பிரிவை 2000இலேயே நிறுத்தினார்கள், அதில் இதயத் தளர்ச்சி இரண்டு மடங்கு. நாம் இங்கே கொடுக்கிற பிரசோசின் அதன் இனம்தான். அதனால்தான் அதை நான் முதல் மாத்திரையாக எழுதுவதில்லை, மற்றவை போதாதபோது சேர்ப்பேன்.

இதயம் தளர்ந்தவருக்கு அம்லோடிபின் நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. டில்டியாசெம், வெராபமில் இரண்டும்தான் அங்கே ஆகாதவை. அம்லோடிபினாலேயே கணுக்கால் வீங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த வீக்கத்தில் மூச்சிரைப்பு இராது, எடை கிடுகிடுவென ஏறாது.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு அக்கா: எனலாப்ரில் குடிக்க ஆரம்பிச்சு ரெண்டு மாசமா வறட்டு இருமல். மிஸ்ட்டுனாலன்னு எல்லாரும் சொல்றாங்க. கொத்தமல்லி குடிச்சும் நிக்கல.

மிஸ்ட்டின் மேல் பழி போடுவதற்கு முன் மாத்திரையைச் சந்தேகியுங்கள். சளியில்லாமல் தொண்டையில் அரிப்போடு வரும் இருமல் இந்த வகைக்கே உரியது. லொசார்டனுக்கு மாற்றினால் சில கிழமைகளில் அடங்கும். ஆனால் இரவில் படுத்தால்தான் இருமல், எழுந்து உட்கார்ந்தால் குறைகிறது என்றால் அது நுரையீரலில் தேங்கும் தண்ணீராக இருக்கலாம், அதற்கு உடனே காட்ட வேண்டும். உதடோ நாக்கோ வீங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். லொசார்டன் கிடைத்ததும் பழையதையும் சேர்த்துக் குடிக்காதீர்கள்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தம்பி: அக்காவும் லொசார்டன்தான் குடிக்கிறா. மூணு மாசம் முழுகாம இருக்கா. தொடரலாமா?

கூடாது. எனலாப்ரிலும் லொசார்டனும் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாளைய கிளினிக் வரை பொறுக்காமல் இன்றே அழைத்துப் போங்கள். மெத்தில்டோபா, நிஃபெடிபின் போன்ற மாற்று இருக்கிறது. பிரஷரை மருந்தில்லாமல் விடுவதும் ஆபத்து.

பதுளையிலிருந்து: எனக்கு எக்கோவில இ.எஃப். 60. ஆனா மூச்சு வாங்குது, கால் வீங்குது. இதயம் நல்லாத்தானே இருக்கு?

தள்ளுவது நன்றாக இருக்கிறது, விரிவதில் குறை இருக்கலாம். தசை தடித்து விறைத்தால் இரத்தம் உள்ளே வர இடம் கொடுக்காது. அதுவும் இதயத் தளர்ச்சிதான், பிரஷர் உள்ள வயதானவர்களிடம் மிகச் சாதாரணம். இரத்தசோகையும் நுரையீரலும் காரணமாக இருக்கலாம் என்பதால் அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே மேலே சொன்ன நாலும் ஒரேபோல வேலை செய்வதில்லை. எம்பாக்லிஃப்ளோசின் 2021இலும் டபாக்லிஃப்ளோசின் 2022இலும் ஆஸ்பத்திரியில் சேர்வதைக் குறைத்தன, இறப்பை அவ்வளவாகக் குறைக்கவில்லை. ஸ்பைரோனோலாக்டோன் உதவுமா என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது. நான் முதலில் பிரஷரைக் கட்டுப்படுத்துவேன், வீக்கத்துக்குத் தண்ணி மாத்திரை கொடுப்பேன், பிறகு டபாக்லிஃப்ளோசின்.

தலவாக்கலை மகள், மூன்று கிழமைக்குப் பிறகு: டொக்டர், அம்மா இப்ப ஒரு தலகாணியிலயே படுக்கிறாங்க, நாலு கிலோ குறைஞ்சிருக்கு. ஆனா இரத்தத்துல பொட்டாசியம் 5.6. கிரியேட்டினின் 1.0 இருந்தது 1.2. பக்கத்து வீட்டில எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொல்றாங்க. முழங்கால் வலிக்கு டைக்ளோஃபினாக்கும் இடைக்கிட போடுறாங்க.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ஏறியது ஐந்தில் ஒரு பங்கு. எனலாப்ரில் தொடங்கினால் 30 வீதம் வரை ஏறுவதைப் பொறுத்துக்கொள்வோம், அதற்காக நிறுத்துவதில்லை. பொட்டாசியத்தைத்தான் கவனிக்க வேண்டும். 5.5ஐத் தாண்டினால் ஸ்பைரோனோலாக்டோனைப் பாதியாக்குவது வழக்கம், 6ஐத் தாண்டினால் நிறுத்துகிறோம். இதைக் கிளினிக்கில் இன்றோ நாளையோ சொல்லி அவர்கள் கையால் மாற்றுங்கள்.

டைக்ளோஃபினாக்தான் இங்கே நான் தேடிய ஆள். அது உப்பைப் பிடித்து வைக்கும், சிறுநீரகத்தை இறுக்கும், பொட்டாசியத்தை ஏற்றும். இனி ஒரு மாத்திரைகூட வேண்டாம், வலிக்குப் பனடோல் போதும். களைப்புக்கு நல்லதென்று அம்மா செவ்விளநீர் குடிக்கிறாரா என்று கேளுங்கள். அதில் பொட்டாசியம் அதிகம், இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். கருவாடும் சம்பலும் உப்பு என்பதால் குறையட்டும், ஆனால் கடையில் கிடைக்கும் மாற்று உப்பை வாங்காதீர்கள், அது பொட்டாசிய உப்பு.

வயிற்றோட்டம், வாந்தி வந்து சாப்பிட முடியாத நாளில் டபாக்லிஃப்ளோசின், ஸ்பைரோனோலாக்டோன், எனலாப்ரில், ஃப்ரூசமைடு இவற்றை அன்றைக்கு நிறுத்துவதா என்று கிளினிக்கில் கேட்டு இப்போதே கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கார்வெடிலோலை மட்டும் யார் சொன்னாலும் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். பொட்டாசியத்தை ஒரு கிழமைக்குள் திரும்பப் பார்த்து, வந்த இலக்கத்தை எனக்கு எழுதுங்கள்.