டிபெண்டன்ட் சோர்ஸ ஓப்பன் பண்ணக்கூடாது, ஏன்?

கேள்வி: "இன்புட்டில 1k, அதுக்குப் பிறகு ஒரு சந்தி, சந்தியில இருந்து கிரவுண்டுக்கு 100 ஓம். அதே சந்திக்குள்ள 99ix குடுக்கிற டிபெண்டன்ட் கரண்ட் சோர்ஸ், ix எண்டது 1k ஊடாப் போற கரண்ட். சோர்ஸ ஓப்பன் பண்ணி இன்புட் ரெசிஸ்டன்ஸ் 1.1k எண்டு எடுத்தன், விடையில 11k எண்டு கிடக்கு. எப்பிடி?"

ஓப்பன் பண்ணினதுதான் பிரச்சினை. பட்டரி மாதிரி தன்ர பாட்டில நிக்கிற சோர்ஸ மட்டும்தான் ஆஃப் பண்ணலாம். இது ix இருக்கிற வரைக்கும் 99ix தள்ளிக்கொண்டே இருக்கும், அதைக் கழட்டினா நீங்க வேற ஒரு சேர்கிட்டுக்கு விடை எடுக்கிறீங்க. ஓப்பன் சேர்கிட் வோல்டேஜ ஷோர்ட் சேர்கிட் கரண்டால பிரிச்சுப் பாப்பம் எண்டாலும் ஏலாது, உள்ளுக்க வேற சோர்ஸ் இல்லாதபடியா ரெண்டுமே 0 தான் வரும். அதாலதான் வெளியில இருந்து நாங்களே ஒண்டக் குடுக்கிறம்.

இன்புட்டில 1 mA டெஸ்ட் கரண்ட உள்ளுக்க தள்ளுங்கோ. அப்ப ix = 1 mA, 1k-க்கு குறுக்கால 1 V. டிபெண்டன்ட் சோர்ஸ் சந்திக்குள்ள 99 mA குடுக்குது, ரெண்டும் சேர்ந்து 100 ஓம் ஊடா 100 mA இறங்குது, அங்க 10 V. மொத்தம் 11 V, அதை 1 mA-ஆல பிரிச்சா 11k. 100 ஓமில விழுற 10 V முழுசா இன்புட்டில தெரியுது, ஆனா அதுக்கான கரண்டில நூறில ஒரு பங்கைத்தான் இன்புட் குடுக்குது, அதால அந்த 100 ஓம் இன்புட்டில நிண்டு பாக்கிற ஆளுக்கு 10k மாதிரி இருக்கு. எமிட்டர் ஃபாலோவர்ட இன்புட் ரெசிஸ்டன்ஸ் பெரிசா இருக்கிறதும் இதாலதான், உங்கட சேர்கிட் அதுட ஸ்மோல் சிக்னல் மொடல்தான், பீட்டா 99.

சேர்கிட் லீனியர் எண்டதால 1 mA-க்குப் பதிலா 1 A போட்டாலும் விகிதம் மாறாது. கட்டுப்படுத்திறது கரண்டா இருந்தா டெஸ்ட் கரண்ட் போடுங்கோ, ix உடனே கைக்கு வந்திடும். இன்புட் வோல்டேஜா இருந்தா டெஸ்ட் வோல்டேஜ் சுகம்.

கவனமா இருக்க வேண்டியது அம்புக்குறியில. சோர்ஸ் 99ix-ஐ சந்தியில இருந்து வெளியில இழுக்குது எண்டு வச்சா 100 ஓமில −98 mA, அங்க −9.8 V, மொத்தம் −8.8 V, ரெசிஸ்டன்ஸ் −8.8k. மைனஸ் வந்தா உடனே பிழை எண்டு அடிச்சுப்போடாதீங்கோ, டிபெண்டன்ட் சோர்ஸ் உள்ளுக்க இருந்து பவர் குடுக்கேக்க அப்பிடி வரலாம்தான். ஆனா அம்ப ஒருக்கா திரும்பப் பாருங்கோ, டெஸ்ட் கரண்ட் பிளஸ் பக்கத்தால உள்ளுக்க போகுதா எண்டும் பாருங்கோ.

LTspice இருந்தா இதைப் போட்டு ஓட்டுங்கோ. Vx கரண்ட் அளக்கிறதுக்கு மட்டும் வச்ச 0 V சோர்ஸ்.

```
* test source
It 0 in 1m
Vx in a 0
R1 a b 1k
F1 0 b Vx 99
R2 b 0 100
.op
.end
```

V(in) 11 எண்டு காட்டும். F1-ல `0 b`-ஐ `b 0` எண்டு மாத்தினா −8.8 வரும்.