காசு கொடுக்காமல் நகலெடுத்தால் யாருக்கு நஷ்டம்? – கேள்வி பதில்

இசை நிறுவனம் ஒன்றில் சில வருடங்கள் ராயல்டிக் கணக்கு பார்த்தேன். அப்புறம் ஒலிப்பதிவு செய்பவர்களுக்கான ஒரு சின்ன மென்பொருளைத் தனி ஆளாக எழுதி விற்று வருகிறேன். இந்த இரண்டு பக்கத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை, அதனால் உங்கள் வழக்குகளுக்கு என்னிடம் பதில் கிடையாது.

"ஒரு பாட்டை காப்பி எடுத்தால் ஒரிஜினல் அங்கேயேதானே இருக்கிறது? இதை எப்படித் திருட்டு என்கிறீர்கள்?"

நான் அப்படிச் சொல்வதில்லை. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனால் சொந்தக்காரர் நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும், பாட்டில் அப்படி இல்லை. 1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கே இந்தக் கேள்வி வந்தது. அனுமதியில்லாமல் இசைத்தட்டு அச்சடித்து விற்ற ஒருவர் மீது திருட்டுப் பொருளை மாநிலம் விட்டு மாநிலம் கடத்தியதாகவும் குற்றம் சாட்டியிருந்தார்கள். அந்தச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிப்புரிமையை மீறிய குற்றம் அவர் மேல் அப்படியே நின்றது.

இப்படிப் பிரித்துப் பார்த்தது எனக்குச் சரியாகவே படுகிறது. திருட்டு இல்லை, ஆனால் தவறு உண்டு. ஒரு படைப்பின் முதல் பிரதியை உருவாக்கத்தான் செலவு முழுவதும் ஆகிறது, இரண்டாவது பிரதியிலிருந்து ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்த முதல் பிரதியின் செலவை, கேட்கிறவர்கள் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சமாகத் தாங்குகிறார்கள். கொடுக்காமல் எடுக்கிறவர் தன் பங்கை மற்றவர்கள் தலையில் வைத்துவிட்டுப் போகிறார். அது எவ்வளவு பெரிய தவறு என்று பார்க்க நான் ஒன்றைத்தான் கேட்பேன்: இந்தப் பணத்துக்காக இன்னும் காத்திருப்பவர் யார்?

"எப்படியும் கம்பெனிதான் எல்லாத்தையும் எடுத்துக்கிறது, பாடினவருக்குப் பைசா வராது என்கிறார்கள். அப்புறம் நான் கொடுத்து என்ன ஆகப்போகிறது?"

இதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நானே கணக்குப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு பாடகருக்கு நிறுவனம் 100 பங்கு முன்பணம் தருகிறது என்று வையுங்கள். ஸ்டுடியோ வாடகை, வாத்தியக்காரர்கள், மிக்ஸிங் எல்லாம் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கும். வசூலில் பாடகருக்கு 20 சதவீதம் என்று ஒப்பந்தம். இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. முன்பணத்தை மொத்த வசூலிலிருந்து கழிக்க மாட்டார்கள், பாடகரின் அந்த 20 சதவீதத்திலிருந்துதான் கழிப்பார்கள். அதாவது வசூல் 500 பங்கைத் தொடும்வரை அவருக்குக் கையில் ஒன்றும் வராது. 300-இல் விற்பனை நின்றுபோனால் அவர் கணக்கில் 60 கழிந்து 40 பாக்கி நிற்கும், நிறுவனமோ அதற்குள் 300-ஐயும் வாங்கியிருக்கும். விளம்பரம், விநியோகச் செலவெல்லாம் அவர்கள் தலையில்தான், அதையும் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் இந்தக் கணக்கு கோபம் வரவைக்கிற கணக்குதான், உங்கள் கோபம் நியாயமானது.

ஆனால் அந்தக் கோபத்தை வைத்து நகலெடுத்தால் அடி யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். முதலில், பாட்டை எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் வருகிற ராயல்டி தனிக் கணக்கு. பாடகரின் முன்பணத்தோடு அதைச் சேர்க்காத ஒப்பந்தங்களில் முதல் பிரதியிலிருந்தே அவர்களுக்குப் பங்கு ஓடும். பாடகருக்கு ஒன்றும் வராத அந்த 300-க்குள்ளேயே பாட்டு எழுதியவரின் பணமும் இருக்கிறது. இரண்டாவது, அந்த 40 பாக்கி. அதைத் திருப்பிக் கட்டு என்று யாரும் பாடகரிடம் கேட்பதில்லை. அடுத்த ஆல்பத்துக்கு அவர் வந்து உட்காரும்போது எதிரில் இருப்பவர் திறந்து பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். பாக்கி 40-ஆ 10-ஆ என்பதில் இரண்டாவது ஆல்பம் உண்டா இல்லையா என்பது முடிவாகிவிடும். நான் நீட்டிய தாளைப் பார்த்து, நன்றாகப் பாடுகிற ஒருவரை வேண்டாம் என்று சொன்னதை ஒரு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

நிறுவனத்துக்குக் கொடுக்க மனமில்லை என்றால் கலைஞர் தானே விற்கிற இடத்தில் வாங்குங்கள், அவர் கச்சேரிக்குப் போங்கள். நிறுவனத்தின் அநியாயத்தைச் சொல்லிவிட்டு இலவசமாக எடுத்துக்கொள்வதில் கலைஞருக்கு எதுவும் போய்ச் சேரவில்லை.

"வைரஸ் இல்லாத கிராக் எங்கே கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க சார், மத்ததெல்லாம் அப்புறம்."

சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்கிற எந்தக் கோப்பையும் ஓட்டாதீர்கள்.

"நான் படத்தொகுப்பு செய்கிறேன். என் சம்பளம் படம் வெளிவருவதற்கு முன்னாலேயே வந்துவிடும். யார் டவுன்லோட் செய்தாலும் எனக்கு ஒன்றும் குறைவதில்லை. நீங்கள் இசையை வைத்து எல்லாவற்றையும் பேசுகிறீர்கள்."

நியாயமான திருத்தம். ஒரு படத்தில் வேலை செய்பவர்களில் பெரும்பாலானோர் உங்களைப் போலத்தான், அந்தப் பணத்துக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. காத்திருப்பவர் கடன் வாங்கிப் படம் எடுத்தவர். தியேட்டர் வசூலில் பெரும்பகுதி முதல் சில வாரங்களிலேயே வந்துவிடுகிறது என்பதால், முதல் நாளே வெளியாகிற நகலும் ஐந்து வருடம் கழித்து ஒருவர் எடுக்கிற நகலும் எனக்கு ஒரே எடை இல்லை. அந்தத் தயாரிப்பாளர் அடுத்த படம் எடுக்காவிட்டால் உங்களுக்கு வருகிற அழைப்பும் ஒன்று குறைகிறது.

"அதை எப்படி நிரூபிப்பீர்கள்? படம் மோசமாக இருந்தாலும்தான் அடுத்த படம் வருவதில்லை. (மேலே கேட்டவர்தான்)"

நிரூபிக்க முடியாது. டவுன்லோட் எண்ணிக்கையை டிக்கெட் விலையால் பெருக்கி இவ்வளவு நஷ்டம் என்று அறிக்கை விடுகிறார்களே, அது தப்பான கணக்கு. இலவசமாகப் பார்த்தவரில் பலர் காசு கொடுத்து ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்கள். அதே சமயம் ஒருவர்கூடக் கொடுத்திருக்க மாட்டார் என்றும் சொல்ல முடியாது. உண்மை நடுவில் எங்கேயோ இருக்கிறது, படத்துக்குப் படம் இடம் மாறுகிறது.

"சம்பளம் வாங்கிட்டேன், எனக்கு நஷ்டமில்லைன்னு சொல்றவர் எங்களை மறந்துட்டார். நான் திரைக்கதை எழுதறேன். மறு ஒளிபரப்புப் பங்குதான் வேலை இல்லாத மாசங்கள்ல எனக்குச் சோறு."

இவர் சொல்வதைப் படத்தொகுப்பாளர் கேட்க வேண்டும். ஹாலிவுட்டில் இந்தப் பங்கு சும்மா வரவில்லை. 1960-இல் நடிகர்களும் எழுத்தாளர்களும் வேலைநிறுத்தம் செய்துதான், தொலைக்காட்சிக்கு விற்கிற படங்களில் தங்களுக்கும் பங்கு வாங்கினார்கள். ஒரே படத்தில் ஒருவர் கணக்கு முடிந்திருக்கும், பக்கத்து நாற்காலிக்காரர் கணக்கு இருபது வருடம் திறந்திருக்கும்.

"அப்படியானால் அந்தப் பங்கைத் தராத முதலாளிகளிடம் கேளுங்கள், பார்க்கிறவனிடம் ஏன் கேட்கிறீர்கள்? (படத்தொகுப்பாளர்)"

இரண்டு பேரிடமும் கேட்கிறேன். நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரிகிறது, இந்த இடத்தில் நாம் ஒத்துப்போக வேண்டியதும் இல்லை. மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், அடுத்ததற்குப் போகலாம்.

"நான் மாணவி. படிப்புக்கு ஒரு மென்பொருள் கட்டாயம், ஒரு மாத சந்தாகூட எனக்குக் கட்டுப்படியாகாது. கிராக் போட்டால் தவறா?"

வாங்கவே முடியாத உங்களிடமிருந்து அந்த நிறுவனம் இழந்த விற்பனை எதுவும் இல்லை, அதனால் உங்களை நான் குற்றவாளி மாதிரிப் பார்க்க மாட்டேன். முதலில் மாணவர் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், பல நிறுவனங்கள் தருகின்றன. அப்புறம் ப்ளெண்டர், கிம்ப், லிப்ரே ஆபீஸ் மாதிரி அதைச் செய்தவர்களே நகலெடுக்கச் சொல்லித் தருகிறவற்றில் உங்கள் பாடம் முடியுமா என்று பாருங்கள்.

கிராக்கால் எனக்கு என்ன ஆனது என்பதையும் சொல்கிறேன். ஒரு சமயம் என் மென்பொருள் பாதியில் நின்றுவிடுகிறது, பதிவு செய்த கோப்பு அழிந்துவிட்டது என்று வரிசையாகப் புகார் வந்தது. இரண்டு வாரம் தூங்காமல் தேடினேன், நிரலில் பிழையே இல்லை. கடைசியில் புகார்களோடு வந்த பிழைக் குறிப்புகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே உரிம எண். உரிமத்தைச் சரிபார்க்கிற வரியைப் பிடுங்கிப் போட்டவர் அதோடு கோப்பைச் சேமிக்கிற பகுதியையும் கெடுத்திருக்கிறார். காசு கொடுத்தவர்களுக்குத் தர வேண்டிய புதுப் பதிப்பு அந்த வருடம் தள்ளிப்போனது. எழுதுகிறவர் ஒரே ஆளாக இருந்தால் விற்பனையோடு அவருடைய நேரமும் போய்விடுகிறது. ஆன்டிவைரஸ் விஷயத்தை மறுபடியும் நினைவுபடுத்துகிறேன்.

"பெரிய கம்பெனிக்கு நான் ஒருத்தன் கொடுக்கலைன்னா என்ன குறையும்?"

இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

"கோடிக்கணக்கில் சம்பாதிக்கிற நடிகருக்கு நான் ஏன் கொடுக்கணும்?"

அதே பதில்தான். திரைக்கதை எழுதுகிறவர் சொன்னதையும் படியுங்கள். இந்தக் கேள்வி இனி வந்தால் எடுக்கமாட்டேன்.

"என் கட்டுரையை ஒருத்தர் அப்படியே எடுத்து அவர் பெயரில் போட்டுட்டார். இதுவும் பைரசிதானே?"

இல்லை, அது பெயரைத் திருடுவது. என் கணக்கில் அது இன்னும் மோசம். ஆனால் இன்றைய பேச்சு அது இல்லை.

"ஒரு பழைய படம் எங்கேயும் விற்பனைக்கு இல்லை, உரிமை யாரிடம் என்றே தெரியவில்லை. டோரன்டில் மட்டும் இருக்கிறது."

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். 1922-இல் வந்த நாஸ்ஃபெராட்டு படம், டிராகுலா நாவலின் உரிமை வாங்காமல் எடுத்தது. நாவலாசிரியரின் மனைவி வழக்குப் போட்டார், பிரதிகளை எல்லாம் அழிக்கும்படி 1925-இல் ஜெர்மனியில் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்புக்குத் தப்பிய சில பிரதிகளால்தான் இன்று அந்தப் படம் இருக்கிறது. அந்த அம்மாவுக்குப் பணம் வர வேண்டியிருந்தது, அவர் கேட்டது நியாயம். படம் அழியாமல் இருந்ததும் நல்லது. இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு என்னால் பேச முடியவில்லை.

இன்னொன்று, பிபிசி 1960-களில் ஒளிபரப்பிய டாக்டர் ஹூ தொடரின் பல பகுதிகளை அவர்களே நாடாவிலிருந்து அழித்துவிட்டார்கள். படம் கிடைக்காத பகுதிகளுக்கு இன்று ஒலியாவது இருக்கிறது என்றால், அன்று வீட்டில் டேப் ரெக்கார்டரைத் தொலைக்காட்சி முன் வைத்துப் பதிந்த ரசிகர்களால்தான்.

உங்கள் படத்தைப் பொறுத்தவரை, காசு வாங்க ஆளே இல்லாத இடத்தில் நீங்கள் யாருடைய பங்கையும் இன்னொருவர் தலையில் வைக்கவில்லை. சட்டம் வேறு மாதிரிச் சொல்லலாம். எடுத்துப் பத்திரமாக வையுங்கள். என்றாவது உரிமைக்காரர் அதை முறையாக வெளியிட்டால் அன்று ஒரு பிரதி வாங்கிவிடுங்கள்.

"காசு கொடுத்து வாங்கிய படம் ஒருநாள் என் கணக்கிலிருந்து காணாமல் போனது. உரிமம் முடிந்துவிட்டதாம். இப்போது டவுன்லோட் செய்தால்?"

செய்யுங்கள், உங்கள் பங்கை நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். அதைப் பத்துப் பேருக்கு அனுப்பாதீர்கள், அவர்கள் இன்னும் கொடுக்கவில்லை.